“மறுகா தாறன்” என்பது ஒரு திகதி அல்ல

கேள்வி: ஐயா, நான் களுவாஞ்சிக்குடி. வெல்லாவெளிப் பக்கம் வெள்ளாமை செய்யும் என் கூட்டாளிக்கு 2023 ஒக்டோபர் 12 அன்று மூன்று இலட்சம் குடுத்தன். இரண்டு இலட்சம் வங்கியில் போட்டன், ஒரு இலட்சம் கையில். அவன் ஒரு கொப்பித் தாளில் “உன்னிடம் கடனாக வாங்கிய காசைக் கட்டாயம் திருப்பித் தருவேன்” என்று எழுதிக் கையொப்பம் வைத்துத் தந்தான். எவ்வளவு, எப்போது, வட்டி என்ன ஒன்றும் அதில் இல்லை, சாட்சியும் இல்லை. நூற்றுக்கு மூன்று வட்டி என்று வாயால் பேசினது. 2024 மார்ச்சில் நாற்பதாயிரம் வங்கியில் போட்டான். அதுக்குப் பிறகு எப்ப கேட்டாலும் “மறுகா தாறன் மச்சான்” தான். இந்தத் தாள் செல்லுமா? தாளில் இடம் இருக்குது, தொகையை நானே எழுதிக்கொண்டால் என்ன?

பதில்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளில் ஒரு புள்ளி கூட வைக்க வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கைபேசியில் இரு பக்கமும் படம் எடுத்துவிட்டு, அலுமாரியில் வையுங்கள்.

ஒருவன் கையொப்பமிட்டுத் தந்த தாளில் அவனுடைய சம்மதமில்லாமல் தொகையை எழுதினால், எழுதிய தொகை உண்மையாகவே இருந்தாலும், போலி ஆவணம் தயாரித்ததாகக் குற்றச்சாட்டு வரலாம். அதைவிடப் பெரிய நட்டம், வழக்கில் உங்களிடம் உள்ள மிக நல்ல சான்று அன்றோடு கெட்டுப்போவதுதான். அவனுடைய சட்டத்தரணி தாளை அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்பும்படி கேட்பார். அங்கே கையெழுத்தையும் மையையும் பார்ப்பார்கள். “மூன்று இலட்சம்” உங்கள் கையெழுத்து என்று தெரிந்த பிறகு, கையில் கொடுத்த ஒரு இலட்சத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை எந்த நீதிபதி நம்புவார்? நான் மட்டக்களப்பில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் பல வருடம் எழுதுவினைஞராக இருந்தவன். உண்மையான கடனைப் பொய்த் தாளால் தோற்ற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லாரும் நல்ல மனிதர்கள்தான், கொஞ்சம் அவசரப்பட்டவர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணம் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டத்தில், கடனுக்குப் பிணையாகத் தொகை எழுதாத வெறும் தாளை வாங்கி வைப்பதே குற்றம். வட்டிக்குக் கொடுப்பவர்கள் வெறும் தாளில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு விரும்பியதை நிரப்பியதைத் தடுக்க வந்த சட்டம் அது. உங்களுடையது அந்த ரகம் அல்ல. அவன் தானே ஒரு வாக்கியம் எழுதித் தந்திருக்கிறான், நீங்கள் வெறும் தாள் கேட்கவில்லை. ஆனால் தொகையை நீங்களே எழுதினால், அந்த ரகத்துக்குள் நீங்களே நடந்து போய் நிற்பீர்கள்.

சரி, இப்போது தாள் செல்லுமா என்பதற்கு வருவோம்.

நம் நாட்டில் கடன் என்ற ஒப்பந்தம் செல்லுபடியாவதற்கு எழுத்தே தேவையில்லை. காணி விற்பனைக்கு நொத்தாரிசு வேண்டும். இன்னொருவருடைய கடனுக்கு நீங்கள் பிணை நிற்பதானால் அது எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் 1840ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் கேட்கிறது. காசைக் கடனாகக் கொடுத்து வாங்குவதற்கு அப்படி ஒரு நிபந்தனை இல்லை. கைமாற்றாக வாயால் பேசிக் கொடுத்தாலும் அது கடன்தான். சாட்சி இல்லை என்ற பயமும் பாதிதான் சரி. எந்த விடயத்தையும் நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கணக்கு இல்லை என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. நீங்களே சாட்சி, ஒருவர் போதும். ஆனால் அவனும் ஒருவன். இரண்டு வாய்க்கு நடுவில் நீதிமன்றம் எதைப் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் பிரச்சினை.

அதனால் உங்கள் கையில் உள்ளதைத் துண்டு துண்டாகப் பார்ப்போம்.

வங்கிச் சீட்டு இரண்டு இலட்சம் போனதைக் காட்டும். எதற்குப் போனது என்று காட்டாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. வங்கிக் கூற்றைத் தூக்கிக்கொண்டு வந்து “இதோ ஆதாரம்” என்பார்கள். எதிராளி எழும்பி, “அது கடனில்லை, அந்தப் போகத்துக்குப் பங்குக்காகப் போட்ட முதல், வெள்ளத்தில் போய்விட்டது” என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? அல்லது “முன்பு நான் அவருக்குக் கொடுத்ததைத்தான் திருப்பித் தந்தார்” என்றால்? படுவான்கரையில் பங்குக்கு வெள்ளாமை செய்வது நாள்தோறும் நடக்கிற விசயம், ஆகவே கேட்பவருக்கு அது பொய்யாகவும் தெரியாது.

இங்கேதான் உங்கள் கொப்பித் தாள் வேலை செய்கிறது. அதில் தொகை இல்லை, திகதி இல்லை, உங்கள் பெயர் கூட இல்லை, “உன்னிடம்” என்றுதான் இருக்கிறது. ஆனால் “கடனாக” என்ற சொல் இருக்கிறது, “திருப்பித் தருவேன்” என்றும் இருக்கிறது. பங்கு, அன்பளிப்பு, பழைய கணக்கு என்ற மூன்று கதைகளையும் அந்த இரண்டு சொல்லும் அடைத்துவிடும். தாள் உங்கள் கையில் இருப்பதால் “உன்னிடம்” என்பது யாரை என்பதும் ஓரளவு தெளிவாகும். ஆக, தாள் ‘ஏன்’ என்பதைச் சொல்கிறது, வங்கி ‘எவ்வளவு’ என்பதில் மூன்றில் இரண்டு பங்கைச் சொல்கிறது. மார்ச்சில் வந்த நாற்பதாயிரம், அவன் கடனை ஏற்றுக்கொண்டான் என்பதைச் சொல்கிறது. பங்குக் காசை யாரும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வங்கியில் திருப்பிப் போடுவதில்லை.

தாளில் எழுதாததை வாய்ப்பேச்சால் நிரூபிக்க முடியுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எழுத்தில் உள்ளதற்கு மாறாக வாயால் சொல்வதை நீதிமன்றம் ஏற்காது. ஆனால் எழுத்து மௌனமாக இருக்கும் இடத்தில், எழுதியதோடு முரண்படாத தனியான வாய் ஒப்பந்தத்தைச் சொல்ல இடம் உண்டு. அதே சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் அந்த விதிவிலக்கு இருக்கிறது. முழுமையான உடன்படிக்கை மாதிரி எழுதிய ஆவணமாக இருந்தால் அந்தக் கதவு ஒடுங்கும். உங்களுடையது கொப்பித் தாளில் ஒரு வரி. அது எல்லாவற்றையும் சொல்ல வந்த ஆவணம் அல்ல என்று யாருக்கும் தெரியும். எழுத்தின் வறுமையே இந்த ஓரிடத்தில் உங்களுக்கு உதவுகிறது, வேடிக்கைதான்.

ஓட்டை எங்கே இருக்கிறது? கையில் கொடுத்த ஒரு இலட்சத்தில். அதற்கு இப்போது எதுவுமே இல்லை. ஆகவே உங்கள் அடுத்த வேலை அதை அடைப்பது. அதற்குப் பொலிசும் வேண்டாம், சட்டத்தரணியும் வேண்டாம், ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். முதலில் பழைய செய்திகளை மேலே தள்ளிப் பாருங்கள். “மூண்டில நாப்பது போட்டுட்டன் மச்சான்” என்ற மாதிரி ஒரு வரியோ, குரல் பதிவோ எங்காவது கிடக்கும். கிடந்தால் அதுதான் உங்கள் சாட்சி. கிடக்காவிட்டால் நீங்களே எழுதுங்கள், சண்டைக்குப் போகிற தொனி இல்லாமல்:

“மச்சான், 2023 ஒக்டோபர் 12 வங்கியில் போட்ட ரெண்டு இலட்சமும், அண்டைக்கு உங்கட வீட்டில கையில தந்த ஒரு இலட்சமும் சேர்த்து மூண்டு. நீ மார்ச்சில போட்ட நாப்பதாயிரம் போக ரெண்டு அறுபது நிக்குது. எனக்கும் இப்ப ஒரு தேவை. எப்ப தரலாம் எண்டு ஒரு மாசம் சொல்லு.”

அவன் “ஓம் மச்சான், இந்த முறை வெட்டினதும் தாறன்” என்று ஒரு வரி எழுதினால், தாளில் இல்லாத தொகையும் கிட்டத்தட்ட திகதியும் வந்துவிட்டன. இந்தச் செய்தியில் வட்டியைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டாம். வட்டியைச் சேர்த்தால் அவன் வட்டியைப் பற்றித்தான் சண்டை பிடிப்பான், முதலைப் பற்றி “ஓம்” சொல்ல மாட்டான். முதலுக்கு ஒரு “ஓம்” வாங்குவதுதான் இப்போதைய வேலை. இலத்திரனியல் செய்தி என்பதற்காக அதைத் தள்ளிவிட முடியாது, 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் அதற்கு இடம் தந்திருக்கிறது. ஆனால் திரையைப் படம் பிடித்து வைத்தது மட்டும் போதாது. செய்தி இருக்கிற கைபேசியை விற்காதீர்கள், மாற்றாதீர்கள், அவனுடைய இலக்கம் அவனுடையதுதான் என்று காட்டக்கூடிய மாதிரி வைத்திருங்கள்.

வட்டிக்கு வருவோம். நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் கசப்பான பகுதி இது.

உங்கள் மனக்கணக்கு எனக்குத் தெரியும். நூற்றுக்கு மூன்று என்றால் மாதம் 9,000. ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை ஐந்து மாதம், 45,000. அவன் போட்டது 40,000. ஆகவே உங்கள் கொப்பியில், முதல் மூன்று இலட்சம் அப்படியே நிற்கிறது, வட்டியில் 5,000 குறை, மொத்தம் 305,000. அவனுடைய மனக்கணக்கு வேறு. கூட்டாளியிடம் வாங்கியது கைமாற்று, அதில் நாற்பது திருப்பிக் கொடுத்தாயிற்று, மிச்சம் 260,000. அதே கடன், அதே நாற்பதாயிரம், ஐந்தே மாதத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் 45,000 ரூபா வித்தியாசம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் கவலை. ஒவ்வொரு மாதமும் இந்த வித்தியாசத்தில் இன்னும் 9,000 ஏறும், ஏற ஏறக் கோபமும் ஏறும். நான் பார்த்த கூட்டாளிச் சண்டைகளில் பாதிக்கு மேல் முதலைப் பற்றியவை அல்ல, கொடுத்த முதல் தவணை முதலுக்கா வட்டிக்கா என்பதைப் பற்றியவைதான்.

வட்டி பேசியதற்கு எழுத்து இல்லாவிட்டால், வட்டி பேசப்பட்டது என்பதை நிரூபிப்பது உங்கள் தலையில். அது முடியாவிட்டால், கடன் கொடுத்த நாளிலிருந்து வட்டி தானாக ஓடாது. தா என்று நீங்கள் முறையாகக் கேட்டு அவன் தவறிய பிறகுதான் தாமதத்துக்கான வட்டி என்ற பேச்சே வரும். அப்போதும் நீதிமன்றம் கொடுப்பது நூற்றுக்கு மூன்று அல்ல, சட்ட வட்டி. அந்த வீதத்தை மத்திய வங்கி ஆண்டுதோறும் வர்த்தமானியில் அறிவிக்கும். நீங்கள் சொல்கிற மாதம் நூற்றுக்கு மூன்று என்பது வருடத்துக்கு 36 வீதம் என்பதையும் யோசியுங்கள். வட்டி மிதமிஞ்சியது என்று கண்டால் நீதிமன்றம் கணக்கையே மறுபடி திறந்து பார்க்க முடியும். வட்டி எவ்வளவு ஏறினாலும் முதலைத் தாண்டி அறவிட முடியாது என்ற பழைய எல்லையும் உண்டு. ஆகவே என் அபிப்பிராயம்: வட்டியை மேசைக்குக் கொண்டுபோங்கள், ஆனால் விட்டுக்கொடுக்கத் தயாராகக் கொண்டுபோங்கள். வட்டியை விடுகிறேன், முதலைத் திகதியோடு எழுதித் தா என்பது, இந்த மாதிரித் தாளை வைத்திருப்பவனுக்கு நல்ல பேரம்.

ஒரு சின்ன இடைச்செருகல். கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் நண்பர்கள் சிலர், “எங்களுக்குள் வட்டியே இல்லை, பிறகென்ன எழுத்து” என்பார்கள். குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் 282ஆம் வசனம், தவணையோடு கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள், சாட்சிகளையும் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறது. வட்டி இல்லாத கடனில் ‘வட்டி இல்லை’ என்று எழுதுவது முக்கியம். எழுதாமல் விட்டது வேறு, இல்லை என்று எழுதியது வேறு. பின்னதில் சண்டைக்கு இடமில்லை.

இனிக் காலம். உங்கள் கேள்வியில் நீங்கள் கேட்காமல் விட்டது இதைத்தான், எனக்கு அதிகம் பயமும் இதில்தான்.

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, எழுத்துப் பிணை இல்லாமல் கொடுத்த கடனுக்கும் வாய் ஒப்பந்தத்துக்கும் மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். எழுத்து ஒப்பந்தத்துக்கும் புரோநோட்டுக்கும் ஆறு வருடம். உங்கள் கொப்பித் தாள் எந்தப் பக்கம்? புரோநோட்டு அல்ல என்பது நிச்சயம், ஏனென்றால் புரோநோட்டு என்றால் குறித்த ஒரு தொகை எழுதியிருக்க வேண்டும். எழுத்து வாக்குறுதி என்று வாதாடலாம், எழுத்தில் உள்ளதுதானே. அவனுடைய பக்கம், “எவ்வளவு என்பதே எழுத்தில் இல்லை, இது வாய்க் கடன், மூன்று வருடம்தான்” என்று வாதாடும். அந்த வாதத்தில் வெல்வோம் என்று நம்பி ஆறு வருடம் காத்திருப்பது புத்தியல்ல. மூன்று என்றே வையுங்கள்.

மூன்று எப்போதிலிருந்து? திருப்பித் தரும் திகதி பேசாத கடனைக் கேட்ட உடனே கொடுக்க வேண்டும். அதனால் காசு கொடுத்த நாளிலிருந்தே எண்ணுவது பாதுகாப்பு. ‘வெள்ளாமை வெட்டித் தாறன்’ என்று பேசியிருந்தால் அறுவடைக்குப் பிறகுதான் தொடங்கும் என்று சொல்லலாம், ஆனால் அதையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஆகவே உங்கள் சுவர்க் கலண்டரில் வளையம் போட வேண்டிய நாள் 2026 ஒக்டோபர் 12. மார்ச்சில் அவன் போட்ட நாற்பதாயிரம் இங்கே உங்களுக்குக் கைகொடுக்கும். கடனில் ஒரு பகுதியைக் கொடுத்தால், மிச்சத்தையும் ஏற்றுக்கொண்டதாகக் கருதி அந்த நாளிலிருந்து காலத்தைப் புதிதாக எண்ணலாம். அப்படிப் பார்த்தால் 2027 மார்ச் வரை. ஆனால் அது ‘இந்தக் கடனுக்காக’ போட்டது என்று காட்ட வேண்டும், வங்கிச் சீட்டில் காரணம் எழுதியிருக்காது. ஆகவே மார்ச்சை ஒரு தலையணையாக வைத்துக்கொள்ளுங்கள், ஒக்டோபரைத்தான் கடைசி நாளாக வையுங்கள்.

இன்னும் ஒன்று. “தாறன் தாறன்” என்று வாயால் எத்தனை முறை சொன்னாலும் காலம் புதுப்பிக்கப்படாது. மார்ச்சில் போல ஒரு பகுதிக் காசு கொடுத்தால், அல்லது அவன் கையொப்பமிட்ட எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டுமே புதுப்பிக்கப்படும். வாட்ஸ்அப் வரி கையொப்பமிட்ட எழுத்தாகுமா என்று வாதாட இடம் இருக்கிறது. வாதாடத் தேவையில்லாத இடத்துக்குப் போவதுதான் நல்லது, அது ஒரு தாளும் பேனையும்.

ஆகவே செய்தியில் “ஓம்” வந்த கையோடு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெல்லாவெளிக்குப் போங்கள். பழைய தாளை மாற்ற வேண்டாம், புதிதாக ஒன்று எழுதுங்கள். அவனுடைய கையாலேயே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. இவ்வளவு போதும்:

“…… விலாசத்தில் வசிக்கும், தேசிய அடையாள அட்டை இலக்கம் …… உடைய நான், …… விலாசத்தில் வசிக்கும் …… என்பவரிடம் 2023.10.12 அன்று ரூபா 300,000 (மூன்று இலட்சம்) கடனாகப் பெற்றேன். இதில் 200,000 எனது வங்கிக் கணக்குக்கும் 100,000 கையிலும் கிடைத்தது. 2024 மார்ச் மாதம் கடன் முதலிலிருந்து 40,000 திருப்பிச் செலுத்தினேன். இன்று மிகுதி 260,000 (இரண்டு இலட்சத்து அறுபதாயிரம்). இதை …… திகதியில் 130,000, …… திகதியில் 130,000 என இரண்டு தவணையில் அவருடைய வங்கிக் கணக்கில் செலுத்துவேன். இதற்கு வட்டி இல்லை.”

கீழே திகதி, அவனுடைய கையொப்பம், இரண்டு சாட்சிகளின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். தொகையை இலக்கத்திலும் எழுத்திலும் எழுதுவது எதற்கு என்று தெரியும்தானே, ஒரு சைபரைச் சேர்ப்பது சுலபம், ‘மூன்று இலட்சம்’ என்பதை ‘முப்பது இலட்சம்’ ஆக்குவது அவ்வளவு சுலபம் இல்லை. “கடன் முதலிலிருந்து” என்ற அந்தச் சொல்லைப் பாருங்கள். நாற்பதாயிரம் எதற்குப் போனது என்ற சண்டை அதோடு முடிந்தது. சாட்சிக்கு உங்கள் மனைவியையும் மைத்துனரையும் வைக்காதீர்கள். அவன் பக்கத்தில் ஒருவர், உங்கள் பக்கத்தில் ஒருவர், ஐந்து வருடம் கழித்தும் ஊரில் இருக்கக்கூடியவர்களாகப் பாருங்கள். கட்டார் போக விசாவுக்குக் காத்திருக்கும் பொடியன் நல்ல பொடியனாக இருக்கலாம், நல்ல சாட்சி அல்ல. இந்தத் தாளுக்கு நொத்தாரிசு கட்டாயம் இல்லை.

தவணைத் திகதியை “வெள்ளாமை வெட்டியதும்” என்று எழுத விடாதீர்கள். பெரும்போகம் வெட்டுவது மாசி, பங்குனி என்று நமக்குத் தெரியும், ஆனால் 2024 நவம்பர் வெள்ளத்தில் எத்தனை வட்டை தண்ணீருக்குள் கிடந்தது என்பதும் தெரியும். வெட்டாத வெள்ளாமைக்கு ‘வெட்டியதும்’ என்பது எப்போது? ஏப்ரல் 30 என்று எழுதுங்கள். சித்திரை வருடப் பிறப்பும் முடிந்திருக்கும், நெல்லும் விற்றுக் காசாகியிருக்கும். வெள்ளம் கொண்டுபோனது என்பதால் காசுக் கடன் அழியாது, அவனுடைய நெல் போனது, உங்கள் காசு போகவில்லை. ஆனால் அவனுக்கு ஒரு போகம் தவணை தள்ளிக் கொடுப்பதா என்பது சட்டம் சொல்கிற விசயமல்ல, நீங்கள் இரண்டு பேரும் பேசுகிற விசயம். தள்ளிக் கொடுத்தால் அந்தப் புதுத் திகதியையும் தாளின் அடியில் எழுதி இருவரும் கையொப்பம் வையுங்கள்.

எழுதித் தர மறுத்தால்? பொலிசுக்கு ஓடாதீர்கள். காசை அறவிட்டுத் தருவது பொலிசின் வேலை அல்ல. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் அது மோசடி, உங்கள் கூட்டாளி நாற்பதாயிரம் திருப்பிப் போட்டிருக்கிறான், அந்தக் கதை எடுபடாது. ஒரு சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள், பதிவுத் தபாலில், பதினான்கு நாள் தவணையோடு. தபால் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு ஊசி குத்தி வையுங்கள். திகதி பேசாத கடனில் இந்தக் கடிதம்தான் திகதி. ‘கேட்டேன், தரவில்லை’ என்பதற்கும், சட்ட வட்டி எந்த நாளிலிருந்து என்பதற்கும் இதையே பார்ப்பார்கள்.

அதற்கும் அசையாவிட்டால் மத்தியஸ்த சபை. ஊரில் இணக்க சபை என்பார்கள், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. இது விருப்பப்பட்டால் போகிற இடமல்ல. குறித்த எல்லைக்குக் கீழான பணத் தகராறுக்கு, அங்கே இணங்கவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் உங்கள் வழக்கை ஏற்காது. அந்த எல்லை 2016இல் ஐந்து இலட்சமாக உயர்ந்தது, உங்கள் 260,000 அதற்குள் அடங்கும். வார இறுதியில், பெரும்பாலும் ஒரு பாடசாலை வகுப்பறையில் கூடுவார்கள். மூன்று மத்தியஸ்தர்கள் இருப்பார்கள், சட்டத்தரணி வரமாட்டார். நீங்களும் அவனும் பிள்ளைகளின் வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்துதான் பேச வேண்டும். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை. ஆனால் உங்கள் மாதிரி வழக்குகள் அங்கேதான் நிறையத் தீர்கின்றன, ஏனென்றால் தாளில் எழுதாமல் விட்ட நான்கையும் அவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்பார்கள்: எவ்வளவு, எப்போது, வட்டி உண்டா, யாருக்குத் தெரியும். “ஓம், மூன்றுதான்” என்று வெள்ளை சேட் போட்ட ஒரு பழைய அதிபருக்கு முன்னால் சொல்வது, உங்களுக்கு முன்னால் சொல்வதைவிட அவனுக்குச் சுலபமாகவும் இருக்கலாம்.

அங்கே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுக் காலத்தை மறந்துவிடாதீர்கள். ஒருவர் வராமல் தவணை போகும், மறுபடி தவணை போகும். ஒக்டோபருக்கு ஆறு மாதமாவது முன்னால் போய்விடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்தால் அடுத்தது நீதிமன்றம். அங்கே உங்கள் கோவைக்குள் இருக்க வேண்டியவை: தொடாத கொப்பித் தாள், வங்கிக் கூற்று இரண்டு, கைபேசி, கோரிக்கைக் கடிதமும் பற்றுச்சீட்டும், இணங்கவில்லை என்ற சான்றிதழ். அந்த ஒரு இலட்சத்துக்கு “ஓம்” வாங்காமல் போனால், வழக்கை 160,000 வரைக்கும் வெல்லக்கூடியதாகவும் மிச்சத்தை உங்கள் வாய்ச்சொல்லில் தொங்குவதாகவும் எண்ணிக்கொண்டு போங்கள். சட்டத்தரணிக்கான செலவையும் அந்த 160,000ஐ வைத்தே கணக்குப் பாருங்கள், மூன்று இலட்சத்தை வைத்தல்ல.

நானும் ஒரு காலத்தில் கூட்டாளி ஒருவனுக்குத் துண்டு கூட வாங்காமல் காசு கொடுத்தவன்தான், அதுவும் மற்றவர்களுக்குக் கோரிக்கைக் கடிதம் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்த மேசையில் இருந்தபடியே. மூன்று வருடம் தாண்டின பிறகுதான் நாட்களை எண்ணிப் பார்த்தேன். ஆகவே இன்றைக்கு இரவே அந்தச் செய்தியை அனுப்புங்கள். பதில் வந்ததும் என்ன எழுதினான் என்பதை எனக்கு ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்புங்கள், தாளில் எந்தத் திகதிகளைப் போடலாம் என்று பார்ப்போம்.